தேத்தண்ணிக்கடையை மூட வாக்களிக்கும் முன் கடைக்காரரின் பொடியன் எடுத்த படத்தைப் பாருங்கள்

எங்கள் வீதி வர்த்தகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், அங்கத்தவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வருகிற பொதுக்கூட்டத்தில் விறாந்தை மூலையில் இருக்கும் தேத்தண்ணிக்கடையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, டிசம்பர் 31 உடன் நிறுத்துவதா என்று வாக்கெடுக்கப் போகிறோம். நிறுத்தச் சொல்லி வந்த கடிதத்தில் மூன்று முறைப்பாடுகள் இருக்கின்றன. புகை, கான் அடைப்பு, பாதையை மறிக்கும் சனக்கூட்டம். கடிதத்தோடு ஒரு புகைப்படமும் இருக்கிறது. கடிதத்தை வாசித்தவர்களைவிட அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

நான் இதே கட்டடத்தின் மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். திருகோணமலையில் கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோணேசர் கோயில் தேர் என்று படம் எடுத்தே வாழ்ந்தவன். கடைக்காரரின் மகன் ஆகஸ்ட் விடுமுறையில் தன் அப்பாவின் கடையைப் படம் எடுத்தான். அவனுக்குக் கமரா முக்காலியும் இடமும் கொடுத்தது நான். அதனால் அவனுடைய படம் எப்படி உருவானது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் சொல்ல முடியாததை இங்கே காட்சி காட்சியாகவே எழுதுகிறேன்.

காட்சி: முதல் படம்

அவன் முதலில் எடுத்தது ஒன்றரை நிமிடப் படம். போனை நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக ஓடும் முறையில் எடுத்திருந்தான். அப்பா ஒரு கோப்பையை உயரத் தூக்கி மற்றதில் ஆற்றுகிறார். தேத்தண்ணி நீண்ட நாடாவாக இறங்குகிறது. பொயிலரிலிருந்து எழும் ஆவிக்குப் பின்னால் காலை வெயில். அடியில் சோகமான ஒரு வாத்தியம். கடைசியில், "எங்கள் கடையைக் காப்பாற்றுங்கள்" என்ற எழுத்து.

அழகான படம். ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். வட்ஸ்அப்பில் எல்லோரும் பாராட்டினார்கள். அவன் அம்மா அழுதாராம். உங்களில் ஒருவர் மட்டும் அவனிடம் நேரே சொன்னார்: "நல்லாய் இருக்குத் தம்பி. ஆனால் நாங்கள் கேட்டது கானைப் பற்றி. இதில் கான் எங்கே?"

அன்று பின்னேரமே அவன் படியேறி என்னிடம் வந்தான். "அங்கிள், அவர் கேட்டது சரிதானே?"

சரிதான் என்று சொன்னேன். பாட்டுப் போட்டு, வெட்டி ஒட்டிய படம் பார்ப்பவரின் மனதைத் தொடும். முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லாது. எங்கே வெட்டினான், வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று சந்தேகப்படும் உரிமை பார்ப்பவருக்கு இருக்கிறது. பதில் சொல்லும் படம் என்றால் வெட்டக்கூடாது, பாட்டு இருக்கக்கூடாது, எங்கே நின்று எடுத்தது என்பது படத்திலேயே தெரிய வேண்டும்.

காட்சி: முறைப்பாட்டுப் படம் எடுத்த இடம்

அடுத்த நாள் அவன் முறைப்பாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஆறு பேர் வாங்கைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிறார்கள். பக்கத்து இரும்புக்கடையின் வாசற்படி அவர்களின் கால்களுக்குப் பின்னால் மறைந்தே போய்விட்டது. பார்க்கும் எவரும் பாதை அடைபட்டிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

"இது பொய்ப் படமோ அங்கிள்?"

பொய்யில்லை. யாரும் அதில் கை வைக்கவில்லை. ஆனால் அது வீதியின் மறுமுனையிலிருந்து, ஏறக்குறைய 200 அடி தள்ளி நின்று, ஸூம் பண்ணி எடுத்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தில் முன்னால் நிற்பவரையும் கடைசியில் நிற்பவரையும் பாருங்கள். இருவரும் ஒரே உயரமாகத் தெரிகிறார்கள். வாங்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அகலம். கிட்ட நின்று எடுத்த படத்தில் அப்படி வராது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாக்கெடுப்பு இந்தப் படத்தை வைத்துத்தான் நடக்கப் போகிறது. நீங்கள் ஒருவருக்கு முன்னால் 15 அடியில் நிற்கிறீர்கள், அவருக்குப் பின்னால் 10 அடி தள்ளி இன்னொருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் படத்தில் முன்னவரின் உயரத்தில் 5 இல் 3 பங்குதான் இருப்பார். இடையில் இடைவெளி இருக்கிறது என்று கண் உடனே புரிந்துகொள்ளும். இப்போது 200 அடி பின்னால் போய் அதே இருவரையும் எடுங்கள். பின்னால் நிற்பவர் ஏறக்குறைய 20 இல் ஒரு பங்குதான் சிறுத்திருப்பார். அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. ஸூம் பண்ணிப் பெரிதாக்கியதும் இருவரும் தோளோடு தோள் உரசி நிற்பதுபோல் இருக்கும். இடைவெளியை விழுங்குவது ஸூம் இல்லை, தூரம். கோயில் திருவிழாவில் சனம் நிறையத் தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் எடுத்துக் கொடுப்போம்.

பொடியன் அதே வீதி முனைக்குப் போனான். முதலில் ஸூம் பண்ணிக் கடையை எடுத்தான். முறைப்பாட்டுப் படம் அப்படியே வந்தது. பிறகு பதிவை நிறுத்தாமல், ஸூமை விட்டுவிட்டு, போனைப் பிடித்தபடியே கடையை நோக்கி நடந்தான். அவன் கிட்ட வர வர அந்தக் கூட்டம் பிரிகிறது. இரண்டு பேர் பொயிலருக்கு முன்னால், மூன்று பேர் வாங்கில், ஒருவர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் வீதியில். கடைசியில் அளவுநாடாவை வாங்கின் காலில் பிடித்து இரும்புக்கடைப் படி வரை இழுக்கிறான். 7 அடி. நாடாவின் இலக்கம் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. முதல் நொடியிலிருந்து இலக்கம் தெரியும்வரை ஒரு வெட்டுக்கூட இல்லை.

காட்சி: மேல்மாடி யன்னல்

ஆனாலும் அது ஒரு நேரத்துச் சனம்தான். வேறு நேரத்தில் எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் என் ஸ்டூடியோ யன்னலில் முக்காலியை வைத்து, மேலிருந்து நேரே கீழே பார்த்தபடி போனைப் பூட்டினோம். மேலிருந்து பார்க்கும்போது ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் உள்ள நிலம் அப்படியே தெரியும்.

சில சிக்கல்கள் வந்தன. அவனுடைய போன் ஒரே கோப்பாகத் தொடர்ந்து எழுதாது. 4 ஜிபி ஆனதும் அந்தக் கோப்பை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. இடையில் எதையோ நீக்கிவிட்டான் என்று யாராவது சொல்லலாம் அல்லவா? கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றி, விறாந்தைத் தூணில் மேல்நோக்கிச் சாய்த்துக் கட்டினான். ஒரு கோப்பு முடியும்போதும் அடுத்தது தொடங்கும்போதும் முள் அதே நிமிடத்தில் நிற்பதை நீங்கள் பார்க்கலாம். முதல் கோப்பில் சத்தத்தையும் கேளுங்கள். பள்ளிவாசலின் சுபஹு பாங்கும் பிறகு பத்திரகாளி அம்மன் கோயில் மணியும் அதில் பதிவாகியிருக்கின்றன.

கச்சான் காற்று மைக்கில் அடித்து இரைந்தது. பாத்திரம் கழுவும் புதுப் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி மைக் துளையை மூடினான், இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கடை முன்னால் ஒரு மட்டையில், "இங்கே படம் எடுக்கப்படுகிறது, வேண்டாதவர்கள் சொல்லவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டான். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் முகத்தை மங்கலாக்கியிருக்கிறான், ஆட்களை நீக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகங்களையும் அவனாகவே மங்கலாக்கினான்.

அன்று காலை கடைக்கு யார் யார் வந்தார்கள் என்று நான் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் முறைப்பாட்டில், "தேவையற்ற ஆட்கள்" என்று ஒரு சொல் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் மீன் சந்தைக்கு மீன் இறக்கிவிட்டு வந்த திருக்கடலூர் ஆட்கள். அவர்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ, சீனி தனியே. அடுத்து மூதூர் பஸ்ஸுக்குப் போகும் ஒரு ஐயா. அவருக்குச் சாயம் குறைத்து ரின்பால். கொழும்பு இரவு ரயிலில் வந்து இறங்கிய ஒரு குடும்பம், கையில் பெட்டிகளோடு. ஓட்டோக்காரர்கள். சுகாதாரத் தொழிலாளிகள் மூன்று பேர். அவர்களிடம் கடைக்காரர் காசு வாங்கியதை நான் கண்டதில்லை, படத்திலும் இல்லை. பிறகு நம் கடைகளைத் திறக்க வரும் பெடியள். உங்கள் கடைகளில் வேலை செய்பவர்கள்தான். அவர்களில் பலருக்கு அதுதான் காலைச் சாப்பாடு, ஒரு வாய்ப்பனும் பால்த்தேத்தண்ணியும்.

காட்சி: ஆறரை மணி

இந்த இடத்தில்தான் அந்தப் பொடியன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

யன்னல் படத்தை நாங்கள் இருவரும் என் மேசையில் ஓடவிட்டுப் பார்த்தோம். 6:30 வரை ஒரு பிரச்சினையும் இல்லை. 6:30 ஆனதும் பள்ளிக்கூட வான் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பெற்றோர் பிள்ளைகளை ஏற்றிவிட்டு அப்படியே தேத்தண்ணிக்கு நிற்கிறார்கள். விடுமுறை என்றாலும் வகுப்புகளுக்கு வான் ஓடியது. அதே நேரம் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். 7:10 வரை இரும்புக்கடைப் படிக்குமுன் நடக்க இடமில்லை. ஒரு வயதான அம்மா விறாந்தையை விட்டு வீதியில் இறங்கிச் சுற்றிப் போகிறார். பின்னால் ஒரு ஓட்டோ சடுதியாக நிறுத்துகிறது.

அவன் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, இன்னொரு தரம் பார்த்தான். "அங்கிள், இதை விட்டுவிட்டால் என்ன? மற்ற நேரமெல்லாம் நல்லாய்த்தானே இருக்கு."

நான் பதில் சொல்லவில்லை. அது அவனுடைய படம். மணிக்கூட்டைத் தூணில் கட்டியதும் அவன்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அப்பாவுக்குக் காட்டிவிட்டு வாறன்" என்று கீழே போனான்.

அப்பா கைகளைத் துடைத்துக்கொண்டு அந்தச் சின்னத் திரையில் பார்த்தார். "காலமை சனம் வரத்தானே செய்யும்" என்றுதான் முதலில் சொன்னார். அந்த அம்மா வீதியில் இறங்கியதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பொயிலருக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்தப் படி தெரியாது. ஆவியும் ஆட்களும் மறைத்துவிடும். இத்தனை வருடமும் அவர் அந்த இடத்தை அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் வாங்கைத் தூக்கி இரும்புக்கடைக்கு எதிர்ப்பக்கம், சுவரோடு போட்டார். காசு வாங்கும் மேசையையும் அந்தப் பக்கம் மாற்றினார். சனம் காசு கொடுக்கும் இடத்தைச் சுற்றித்தான் நிற்கும், வாங்கு எங்கே இருந்தாலும். பொடியன் மறுபடியும் அதே யன்னலில், முக்காலியின் கால்களைச் சுண்ணாம்புக் கோட்டில் வைத்து, அதே நேரத்தை எடுத்தான். சனம் அதே அளவுதான். ஆனால் இரும்புக்கடைப் படிக்குமுன் நடைபாதை திறந்திருக்கிறது. 6:40க்கு இரண்டு பேர் பழைய இடத்தில் வந்து நிற்கிறார்கள், கடைக்காரர் குரல் கொடுத்து இந்தப் பக்கம் அழைக்கிறார். அதுவும் படத்தில் இருக்கிறது. இரண்டு காலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

காட்சி: மஞ்சள் தண்ணீர்

கான் விஷயத்தை நான் மிகவும் கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் அது ஒரு கடையின் பிரச்சினை இல்லை.

அவன் படம் எடுத்த நாட்களில் மழை இல்லை. ஆகவே கானில் தேங்கி நின்ற தண்ணீர் எங்கள் கடைகளிலிருந்து வந்த தண்ணீர்தான். கடை திறப்பதற்கு முன், விடியாத நேரத்தில், பொடியன் டோர்ச் அடித்துக் கானை எடுத்தான். தண்ணீர் ஏற்கனவே விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. கடை மூடிய பிறகும் அதே இடத்தில் எடுத்தான். ஒரு விரல் ஏறியிருந்தது. ஒரு நாளில் தேத்தண்ணிக்கடை சேர்க்கும் பங்கு அதற்குமேல் இருக்க முடியாது.

பிறகு ஒரு சோதனை செய்தான். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூள் கலந்து கடைக்கு முன்னால் கானில் ஊற்றினான். மஞ்சள் அங்கேயே பரவி நின்றது, நகரவில்லை. அடுத்த வாளியை நாலு கடை தள்ளி, மூடுபலகைகளுக்கு அப்பால் ஊற்றினான். அது ஓடிப் பெரிய கானில் விழுந்தது. அப்படியென்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், பலகைகளுக்குக் கீழே. கம்பி விட்டு ஒரு பலகையை நெம்பித் தூக்கினோம். லஞ்ச் சீற், பொலித்தீன் பைகள், இறுகிப்போன சீமெந்து. சேற்றில் தேயிலைச் சக்கையும் இருந்தது. அதையும் அவன் கிட்டப்போய் எடுத்திருக்கிறான், மறைக்கவில்லை. எந்தக் கடைக்கு முன்னால் அந்தப் பலகை இருக்கிறது என்று தெரியாதபடிதான் எடுத்தான், அதை நானும் இங்கே சொல்லப் போவதில்லை. சீமெந்தைப் பார்த்தால் கட்டட வேலை நடந்தபோது கழுவி ஊற்றியது போலிருக்கிறது. தேயிலைச் சக்கை தண்ணீரோடு நகரும், இறுகிய சீமெந்து நகராது. அது ஒரு தடை கட்டிவிட்டால் பிறகு வருவதெல்லாம் அங்கே தங்கும்.

கடைக்காரர் இப்போது கழுவும் தண்ணீரை வலைத்துணி கட்டிய வாளியில் ஊற்றுகிறார். சக்கை துணியில் நிற்கும். வீட்டுத்தோட்டத்துக்கு அதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் என்ன செய்தாலும் அந்தச் சீமெந்தை உடைக்காமல் கான் ஓடாது. அவரை அனுப்பிவிட்டாலும் ஓடாது.

புகையைப் பற்றி இரண்டு வரி. 2022 இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது அவர் விறகு அடுப்புக்கு மாறினார். இரும்புக்கடைச் சுவர் கறுத்தது அப்போதுதான். காஸ் திரும்பி வந்ததும் விறகை விட்டுவிட்டார், அந்தக் கறுப்பு மட்டும் சுவரில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்துத் தருவதாக இரும்புக்கடை முதலாளியிடம் அவர் போய்ச் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்பது

வாக்கெடுப்புக்கு முன் படத்தைக் கூட்டத்தில் போட்டுக் காட்ட அனுமதியுங்கள். முழுப் பதிவும் பல மணித்தியாலம் என்பதால் பொடியன் நாலு பகுதிகளை எடுத்து வைத்திருக்கிறான்: வீதி முனையிலிருந்து நடந்து வருவது, மாற்றத்துக்கு முந்திய ஆறரை மணி, பிந்திய ஆறரை மணி, மஞ்சள் தண்ணீர். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வெட்டு இல்லை. ஆறரை மணிப் பகுதிகளை வேகமாக ஓட்டிக் காட்ட வேண்டாம் என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன். வேகமாக ஓட்டினால் வந்து போகிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கே நிற்பது போன்ற தோற்றம் வரும், அது கடைக்கு அநியாயம். ஆகவே அவற்றிலிருந்து தலா ஐந்து நிமிடம், 6:45 முதல் 6:50 வரை, உள்ள வேகத்தில் ஓடும். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் வேண்டுமென்றே பொறுக்கினோம் என்று நினைப்பவர்களுக்கு முழுப் பதிவும் என் ஸ்டூடியோவில் இருக்கிறது, எந்த நிமிடத்தைக் கேட்டாலும் போட்டுக் காட்டுவோம்.

முறைப்பாட்டுப் படத்தை எடுத்தவரும் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் கண்டது உண்மையான சிரமம், ஆறரை மணிப் படமே அதற்குச் சாட்சி. வாங்கை மாற்றிய பிறகு அவருக்கு இன்னும் என்ன குறை தெரிகிறது என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் சேர்ப்பதற்குக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். வாங்கும் காசு மேசையும் சுவர்ப்பக்கத்தில்தான் இருக்கும், கழுவும் தண்ணீர் வடிகட்டாமல் கானுக்குப் போகாது. மூன்றாவது வேலை சங்கத்துடையது. மாரி மழை தொடங்குவதற்கு முன் அந்த நாலு கடைத் தூரத்துக்கும் பலகைகளைத் தூக்கிச் சீமெந்தை உடைக்க வேண்டும். கூலியில் என் பங்கை நான் இப்போதே பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

புரொஜெக்டர் நான் கொண்டு வருகிறேன். மண்டபத்தின் மேற்கு யன்னல்களுக்குத் தடித்த துணி வேண்டும், பின்னேர வெயில் அந்தச் சுவரில் விழும். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் யாராவது திறப்போடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
மேல்மாடி ஸ்டூடியோக்காரன், உங்கள் சங்க அங்கத்தவன்
திருகோணமலை